மரதன் ஓடுகிறவர்களுக்கு: சோறு, உப்பு, தண்ணீர் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மரதனுக்கு முதல்நாள் இரவு வயிறு முட்டச் சாப்பிட்டாக் காணும்தானே? எதுக்கு ரெண்டு நாள்?

காணாது. ஓடும்போது கால் முதலில் எடுத்து எரிப்பது, தசையிலும் ஈரலிலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற மாச்சத்தை. கிளைக்கோஜன் என்பது இதன் பெயர். வழமையாகச் சாப்பிடுகிற ஒருவரின் தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும் ஈரலில் 100 கிராமும் இருக்கும். விடாமல் நல்ல வேகத்தில் ஓடினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் அது அடிமட்டத்துக்கு இறங்கத் தொடங்கும். உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அதை மட்டும் எரித்து அதே வேகத்தைப் பிடிக்க முடியாது. முப்பதாவது கிலோமீற்றரைத் தாண்டியதும் கால் ஈயமாகக் கனப்பது அதனால்தான்.

தசை இந்த இருப்பை ஆறுதலாகத்தான் கூட்டும். ஒரே இரவில் அடைத்த சோற்றால் தசை நிரம்பாது, காலையில் வயிறுதான் கனக்கும். 36 முதல் 48 மணித்தியாலம் வரை பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டு, அந்த நாட்களில் ஓட்டத்தையும் நன்றாகக் குறைத்தால்தான் தசை நிரம்பும்.

பத்துக் கிலோமீற்றர் ஓடுறதுக்கும் இப்பிடிச் சாப்பிடோணுமோ?

தேவையில்லை. 90 நிமிடத்துக்கு மேல் நீளும் ஓட்டத்துக்கே இது பயன்படும். பாடசாலை வீதியோட்டத்துக்கு வழமையான சாப்பாடே போதும்.

எவ்வளவு மாச்சத்து? அதைச் சோறு, பாண் கணக்கிலை சொல்லுங்கோ.

உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 10 முதல் 12 கிராம். இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஆளை வைத்துக் கணக்குப் பார்ப்போம்: 55 கிலோ எடையுள்ள ஒரு பெண், மரதனை ஐந்து மணித்தியாலத்தில் முடிக்கிறவர். அவருக்கு நாளுக்கு 550 கிராம் மாச்சத்து வேண்டும். இது சோற்றின் எடை அல்ல. நூறு கிராம் சமைத்த சோற்றில் மாச்சத்து 28 கிராம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். அதனால் சமைக்க முன் அரிசியையும் மாவையும் நிறுப்பதே சரி. நூறு கிராம் அரிசியில் அல்லது அரிசிமாவில் ஏறக்குறைய 78 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் இப்படிப் போகலாம். காலையில் 150 கிராம் மாவில் அவித்த இடியப்பமும் சொதியும், சீனி போட்ட தேத்தண்ணியும்: ஏறக்குறைய 125 கிராம். பத்து மணிக்கு இரண்டு கதலி வாழைப்பழம், 30 கிராம். மத்தியானம் 200 கிராம் வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, 155 கிராம். பின்னேரம் அரை றாத்தல் பாணுக்கு ஜாம் பூசி, 135 கிராம். இரவு 130 கிராம் மாவில் அவித்த புட்டோடு ஒரு துண்டு பனங்கட்டி, 125 கிராம் வரும். எல்லாம் சேர்த்தால் 570.

இதைச் சாப்பிடப் பார்ப்பவர்கள் இடறுகிற இடம் கறிதான். தேங்காய்ப்பாலில் மிதக்கிற கறியும் பொரித்த மீனும் வழமைபோல இருந்தால், 550 கிராமுக்கு வரமுன்னே வயிறு நிரம்பிவிடும். இந்த இரண்டு நாளும் கறியைக் குறைத்து, சோற்றைக் கூட்ட வேண்டும். இரண்டாம் நாள் சிவப்பரிசி, குரக்கன், கீரை, பயறு, ஒடியல் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் அவை நல்ல சாப்பாடு. ஆனால் அவற்றின் நார், ஓட்டத்தின் நடுவில் பற்றைக்குள் ஓட வைக்கும்.

ரெண்டு நாளிலை ஒண்டரைக் கிலோ ஏறிப்போச்சு. கொழுத்திட்டனோ?

இல்லை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். ஒன்று, இரண்டு கிலோ ஏறுவது தசை நிரம்பியதற்கு அடையாளம். கால் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், ஓடத் தொடங்கினால் தளரும். கிளைக்கோஜன் எரிய எரிய அந்தத் தண்ணீர் உடம்புக்குள்ளேயே திரும்பக் கிடைக்கிறது. இதை ஞாபகம் வைத்திருங்கள், தண்ணீர்க் கணக்குக்கு வரும்போது தேவைப்படும்.

முதல் மூண்டு நாள் மாச்சத்தை நிப்பாட்டி, பிறகு ஏத்தினாத்தான் கூடச் சேரும் எண்டு எங்கட பழைய சேர் சொல்லுறவர்.

அவர் சொல்வது 1960களின் முறை. சுவீடனில் தசையிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்து கிளைக்கோஜனை அளந்தவர்கள், முதலில் வற்றவைத்துப் பிறகு நிரப்பினால் இருப்பு மிகவும் கூடுவதைக் கண்டார்கள். ஆனால் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கு அந்தப் பட்டினிக் கட்டம் இல்லாமலே ஏறக்குறைய அதே அளவு சேர்ந்தது. வற்றவைக்கிற நாட்களில் எரிச்சலும் நித்திரையின்மையும் தடிமலும்தான் மிஞ்சும். பயிற்சியைக் குறைத்து, மேலே சொன்னபடி சாப்பிட்டால் போதும்.

ஓட்டம் விடிய நாலரைக்கு. அந்த நேரத்திலை என்னத்தைச் சாப்பிடுறது?

இரவு நித்திரையில் ஈரலின் இருப்பு பெருமளவு இறங்கிவிடும். அதை நிரப்பத்தான் காலைச் சாப்பாடு. மூன்று மணித்தியாலத்துக்கு முன் என்றால் ஒன்றரைக்கு எழும்ப வேண்டும், அது நித்திரையைக் கெடுக்கும். இரண்டரைக்கு நாலு துண்டு பாணும் ஜாமும், ஒரு கதலி, ஒரு தேத்தண்ணி என்று முடித்துக்கொள்ளலாம். எங்கள் 55 கிலோக்காரருக்கு இது 90, 100 கிராம் மாச்சத்துத் தரும். தேத்தண்ணியோடு சேர்த்து 300 முதல் 400 மில்லிலீற்றர் நீர் போதும். அதற்கு மேல் தொடக்கக் கோட்டில் நின்று போத்தல் போத்தலாகக் குடித்து "சேர்த்து வைக்க" முடியாது. தண்ணீரைச் சேர்த்து வைக்க உடம்பில் தொட்டி இல்லை.

நீண்ட பயிற்சி நாளொன்றில் இதே சாப்பாட்டை இதே நேரத்துக்குச் சாப்பிட்டுப் பாருங்கள். போட்டியன்று புதிதாக எதையும் தொடக்கூடாது.

ஓடேக்கை குடிக்கிறதை வீட்டிலை கலக்க ஏலுமோ?

ஏலும். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், சீனி மட்டமாக 5 மேசைக்கரண்டி, தூள் உப்பு மட்டமாகக் கால் தேக்கரண்டி, அரைத் தேசிக்காய். இதில் சீனி 60 கிராம், உப்பு 1.5 கிராம். சீனி உடம்பில் பாதி குளுக்கோஸும் பாதி பிரக்டோஸுமாகப் பிரியும். இரண்டுக்கும் குடலில் வேறு வேறு வாசல் என்பதால் தனிக் குளுக்கோஸை விட வயிறு இதை இலகுவாக ஏற்கும்.

கலக்கும்போது இரண்டு பிழைகள் நடக்கும். ஒன்று, "தெம்பு கூடட்டும்" என்று சீனியை இரட்டிப்பது. ஒரு லீற்றருக்கு 80 கிராமைத் தாண்டினால் வயிறு காலியாகச் சுணங்கும், குலுங்கும், பிறகு சத்தி வரும். மற்றது உப்பு. ஆனையிறவுக் கல்லுப்பை அப்படியே அள்ளினால் கற்களுக்கு இடையில் காற்றுத்தான் கூட. தூளாக்கி, கரண்டியின் வாயைக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டு அளக்க வேண்டும். கலந்த பிறகு குடித்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்புக் குறைவாக, மெல்லியதாகத் தெரிய வேண்டும். கண்ணீரைப் போல உப்புக் கரித்தால் கூடிவிட்டது.

மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து இலக்கு. இதில் அரை லீற்றர் குடித்தால் 30 கிராம் வரும். மிச்சத்துக்கு ஒரு வாழைப்பழமோ, விரல்நுனி அளவு பனங்கட்டித் துண்டுகளோ போதும்.

இளநி, ஜீவனி, சோடா. இதிலை எது திறம்?

இளநியில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் வெளியேறுவது முக்கியமாகச் சோடியம். அதனால் ஓடி முடிந்த பிறகு சாப்பாட்டோடு இளநி நல்லது, ஓடும்போது உப்புக்குப் பதிலாக அதை நம்பக்கூடாது. ஜீவனி வயிற்றோட்டத்துக்கென்று செய்தது. பக்கெற்றில் எழுதியபடி சரியான அளவு நீரில் கரைத்தால் மேலே சொன்ன கலவையை விட மூன்று மடங்கு சோடியம் இருக்கும், சீனி மிகக் குறைவு. அதிகம் வியர்க்கிறவர்களுக்கு உதவும். ஆனால் சக்தி தராது, பழமோ பனங்கட்டியோ கூட வேண்டும். பக்கெற்றைக் கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குடிக்க வேண்டாம். சோடாவில் சீனி கூட, வாயுவும் உண்டு. ஓட்டத்தில் வேண்டாம்.

தாகம் எடுக்கமுன்னமே குடிச்சுக்கொண்டே இருக்கோணும் எண்டுதானே சொல்லுறவை?

அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டலே மணித்தியாலத்துக்கு 600 முதல் 1200 மில்லிலீற்றர் என்றது. 2007இல் அதே அமைப்பு அந்தப் பொது அளவை விட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் வியர்வையை அளந்து குடிக்கச் சொன்னது. 2015இல் இதற்கென்றே கூடிய சர்வதேச நிபுணர் குழு சொன்னது இன்னும் எளிமை: தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் குடிக்காதே.

தாகம் பிந்தி வரும் மணி அல்ல. இரத்தத்தின் செறிவு இரண்டு வீதம் கூடினாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும். உடல் எடையில் இரண்டு வீதம் வரை குறைந்து ஓட்டத்தை முடிப்பதும் பழுதல்ல. அந்தக் குறைவில் ஒரு பங்கு எரிந்த மாச்சத்தும், அது விட்ட தண்ணீரும்தான்.

உங்கள் வியர்வை எவ்வளவு என்று தெரிய, போட்டி நடக்கும் நேரத்திலேயே ஒரு மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். சிறுநீர் கழித்து, வியர்வை ஊறும் உடுப்பைக் களைந்து நிறுங்கள். ஓடி வந்து துடைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். 62.0 கிலோ 61.2 ஆகி, இடையில் 400 மில்லிலீற்றர் குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.2 லீற்றர். அதற்கு மேல் ஒருபோதும் குடிக்கக்கூடாது என்ற எல்லைதான் இந்த எண். அதைக் குடித்தே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும், சட்டை நனையாது. "எனக்கு வியர்க்கேல்லை" என்பதை நம்பாமல் தராசைப் பாருங்கள்.

வெறும் தண்ணி குடிச்சு ஆள் சாகுமோ? நம்ப ஏலாமல் கிடக்கு.

சாகும், செத்துமிருக்கிறார்கள். 2002 பொஸ்ரன் மரதனில் அளவுக்கு மீறிக் குடித்ததால் ஒருவர் இறந்தார். அந்த ஓட்டத்தின் முடிவில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 வீதமானோருக்குச் சோடியம் லீற்றருக்கு 135 மில்லிமோலுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருந்தது. அப்படி இறங்கியவர்களிடம் முக்கியமாகக் காணப்பட்டவை, ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததும், நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியதும். தென்னாபிரிக்காவில் ரிம் நோக்ஸ் என்ற வைத்தியர் 1985இலேயே, மிக நீண்ட ஓட்டங்களில் விழுந்தவர்களைப் பற்றி எழுதி இதைத் தண்ணீர் நஞ்சாதல் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் 55 கிலோக்காரரின் கணக்கைப் பாருங்கள். உடம்பில் தண்ணீர் ஏறக்குறைய 30 லீற்றர், இரத்தச் சோடியம் லீற்றருக்கு 140 மில்லிமோல். ஆறுதலாக ஓடுவதால் வியர்வை மணிக்கு 0.6 லீற்றர்தான். ஐந்து மணித்தியாலத்தில் 3 லீற்றர். அதோடு போன சோடியம் ஏறக்குறைய 120 மில்லிமோல். அவர் பயத்தில் ஒவ்வொரு தரிப்பிலும் குடித்து, மொத்தம் 5 லீற்றர் வெறும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று வையுங்கள். இப்போது 32 லீற்றரில் 4,080 மில்லிமோல். வகுத்தால் 127.5. வைத்தியசாலைச் சீட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் வைத்தியர் நிமிர்ந்து உட்காருவார்.

சோடியம் இறங்கியதும் தண்ணீர், செறிவு கூடிய பக்கமாக, உயிரணுக்களுக்குள் போகும். கை வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளைக்கு வீங்க இடமில்லை, சுற்றிலும் மண்டையோடு. தலையிடி, சத்தி, தடுமாற்றம், வலிப்பு என்று அது வரிசையாகக் காட்டும்.

கூடினால் மூத்திரமாப் போயிடும்தானே?

வீட்டில் இருக்கும்போது போகும். ஓய்வில் இருக்கிற நல்ல சிறுநீரகம் மணிக்கு முக்கால் லீற்றருக்கு மேலும் வெளியேற்றும். நீண்ட ஓட்டத்தில் அந்த வாசலை உடம்பே பூட்டிவிடுகிறது. களைப்பு, நோ, வயிற்றைப் பிரட்டல் எல்லாம் சேர்ந்து வாசோபிரசின் என்ற ஓமோனைச் சுரக்க வைக்கும். அது சிறுநீரகத்துக்கு "தண்ணீரை விடாதே" என்று சொல்கிற ஓமோன். இரத்தம் ஏற்கெனவே நீர்த்துப் போயிருந்தாலும் சில பேரில் அது நிற்காது. ஒரு நாள் முழுக்கக் குடித்தும் ஒன்றும் ஆகாத அதே ஆள், மரதனில் குடித்து விழுவது இதனால்.

சரி, அப்ப எல்லாத் தண்ணியிலையும் உப்பைப் போட்டால் எவ்வளவும் குடிக்கலாமே?

இல்லை. இந்தப் பிழை படித்தவர்களுக்கும் வருகிறது. மேலே கலந்த பானத்தில் சோடியம் லீற்றருக்கு ஏறக்குறைய 25 மில்லிமோல். இரத்தத்தில் 140. உப்புப் போட்டாலும் இரத்தத்தோடு பார்க்கும்போது அது இன்னும் தண்ணீர்தான். எங்கள் ஓட்டக்காரர் அதே 5 லீற்றரையும் இந்தப் பானமாகவே குடித்திருந்தால் சோடியம் 131 ஆகியிருக்கும். 127.5ஐ விட மேல், ஆனால் 135க்குக் கீழேதான். கடையில் வாங்கும் விளையாட்டுப் பானத்துக்கும் இதே கணக்கு.

அவர் 2.5 லீற்றர் மட்டும் குடித்தால் என்ன ஆகும்? வெறும் தண்ணீரென்றால் 138, உப்புப் பானமென்றால் 140. இரண்டுமே நல்ல எண்கள். குடித்த அளவுதான் ஆளைக் காப்பாற்றுகிறது. உப்பு அதற்குத் துணை மட்டுமே. ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டி ஓடுகிறவர்களுக்கும், சட்டையில் வெள்ளைப் படலம் படிகிற அளவுக்கு உப்பாக வியர்க்கிறவர்களுக்கும் அந்தத் துணை உண்மையில் வேண்டும்.

ஆள் விழுந்து கிடக்குது. தண்ணி காணாதோ, கூடிப்போச்சோ எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

முதலில் எடை. தொடங்க முன் நிறுத்த எண்ணை மார்பிலக்கத்தின் பின்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து மணித்தியாலம் ஓடியவர் எடை குறைந்துதான் வர வேண்டும். அரைக் கிலோ கூடி வந்தாலே அது தண்ணீர்.

தண்ணீர் காணாதவருக்கு நாக்கு வறளும், தாகம் தாங்காது, எழும்பி நின்றால் தலை சுற்றும், காலை உயர்த்திப் படுக்க வைத்தால் தெளிவார். தண்ணீர் கூடியவருக்கு மோதிரமும் கைக்கடிகாரப் பட்டியும் இறுகியிருக்கும், விரல்கள் உப்பியிருக்கும், வயிறு குலுங்கும், தெளிந்த தண்ணீராகச் சத்தி எடுப்பார், தலையிடி கூடிக்கொண்டே போகும், படுக்க வைத்தும் தெளிய மாட்டார். பெயரைக் கேட்டால் சுணங்கிச் சொல்வார், அல்லது பிழையாகச் சொல்வார்.

மூன்றாவது ஆபத்து வெப்பத்தாக்கு. அதிலும் தடுமாற்றம் வரும். உடல் 40 பாகைக்கு மேல் கொதிக்கும். மலவாசலில் வைத்துப் பார்த்தால்தான் சரியான வெப்பம் தெரியும், அக்குளில் பார்ப்பது ஏமாற்றும். எது என்று பிரிக்க முடியாவிட்டால், குடிக்கக் கொடுக்காமல் உடம்பின் மேல் நிறையத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வெப்பத்தாக்கு என்றால் அது உயிரைக் காக்கும், மற்றது என்றால் கெடுதல் செய்யாது.

கூடிப்போனது எண்டு தெரிஞ்சா உடனை என்ன செய்யிறது?

குடிப்பதை நிறுத்துங்கள். ஆள் தெளிவாகப் பேசி, விழுங்கக் கூடியவராக, எடையும் கூடியிருந்தால், நூறு மில்லிலீற்றர் தேசிக்காய்த் தண்ணீரில் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொடுக்கலாம். குடிக்கக் கஷ்டமான உப்பு, அப்படித்தான் இருக்க வேண்டும். சிறுநீர் தாராளமாகப் போகத் தொடங்கும் வரை வேறு பானம் வேண்டாம்.

தடுமாற்றம், வலிப்பு, மூச்செடுக்கக் கஷ்டம் இருந்தால் வாயால் ஒன்றும் கொடுக்காமல், பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். ஏற்றும்போது ஒரு வசனத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்: "ஐந்து மணித்தியாலம் ஓடினவர், இவ்வளவு லீற்றர் தண்ணீர் குடிச்சவர், சோடியம் பாருங்கோ." ஓடி விழுந்தவர் என்றதும் நீரிழப்பு என்று நினைத்துச் சாதாரண சேலைன் ஏற்றுவது வழமை. இந்த நிலையில் அது நிலைமையை இன்னும் மோசமாக்கலாம். இதற்குக் கொடுப்பது மூன்று வீதச் சேலைன், 100 மில்லிலீற்றராக, பத்து நிமிடத்தில். தேவைப்பட்டால் திரும்பவும் கொடுப்பார்கள். அது வைத்தியரின் கையில் மட்டும்.

ஓடமுன்னம் நோக்குளிசை ஒண்டு போட்டால்?

இபுபுரோபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் வேண்டாம். அவை சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, மேலே சொன்ன வாசோபிரசினின் வேலையைக் கூட்டும். பனடோல் அந்த வகை அல்ல, ஆனாலும் நோவை மறைத்து ஓடுவதற்கென்று அதைப் போடாதீர்கள்.

கெண்டைக்கால் பிடிச்சால் உப்புக் குறைவுதானே?

பெரும்பாலும் இல்லை. பழக்கமில்லாத வேகத்தில் களைத்த தசை விடாமல் சுருங்குவதே காரணம். நின்று, முன்பாதத்தைத் தன் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடித்தால் விடும். கால் பிடித்ததென்று ஒரு போத்தல் தண்ணீரைக் குடிப்பதுதான் பிழை.

நாங்கள் வீதியோட்டம் ஒண்டு நடத்துறம். ரெண்டு கிலோமீற்றருக்கு ஒரு தண்ணித் தரிப்பு வைச்சால் நல்லம்தானே?

மனம் நல்லது, கணக்குப் பிழை. மரதனில் அப்படி 21 தரிப்பு வரும். ஒவ்வொன்றிலும் ஒரு கால் லீற்றர் என்றால் 5.25 லீற்றர். மேலே விழுந்தவரின் கணக்கை நீங்களே மேசை போட்டு நடத்துகிறீர்கள். சர்வதேசப் போட்டி விதியும் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றருக்கு ஒன்று என்றுதான் சொல்கிறது. ஏ9 வீதியில் நிழலில்லாத நீளங்களில் இடையில் ஒரு மேசை கூட வைக்கலாம், ஆனால் அதில் வாளியும் பஞ்சும் மட்டும் வையுங்கள், தலையில் ஊற்றுவதற்கு.

முழுப் போத்தல் கொடுக்க வேண்டாம், 150 மில்லிலீற்றர் கோப்பை போதும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் உப்புச் சீனிப் பானம், எழுதி ஒட்டி. நிற்கிற பிள்ளைகளிடம் "குடியுங்கோ, குடியுங்கோ" என்று கத்தக் கூடாது என்று சொல்லி வையுங்கள். கடைசியாக வருகிற ஆட்களைத்தான் கூடக் கவனிக்க வேண்டும். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமில்லை, நடந்து வருகிறவருக்கு நேரம் நிறைய.

எனக்குப் பிரஷர் இருக்கு. அம்மாவுக்குக் கிட்னி வருத்தம், அவவும் இந்தச் சாப்பாடு சாப்பிடலாமோ?

இந்தப் பக்கத்தின் அளவுகள் நோயில்லாத, ஓடுகிற ஆட்களுக்கு மட்டும். அம்மாவுக்கு வேண்டாம். சிறுநீரக வருத்தம் வன்னியில் பல வீடுகளில் இருக்கிறது. அவர்களுக்கு உப்பும் பொட்டாசியமும், ஆகவே ஜீவனியும் இளநியும், ஆபத்தாகலாம். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர் அதன் பெயரோடு வைத்தியரிடம் போங்கள். சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள் தாங்களே சோடியத்தை இறக்கும். நீரிழிவு உள்ளவர் 550 கிராம் மாச்சத்தை வைத்தியர் இல்லாமல் தொடக்கூடாது.

ஓடி முடிச்சு வீட்டை வந்தாச்சு. இப்ப ஆசை தீரக் குடிக்கலாமோ?

ஆறுதலாக. ஓடும்போது வயிற்றில் தேங்கி நின்ற தண்ணீர், இரத்தம் குடலுக்குத் திரும்பியதும் ஒரேயடியாக உறிஞ்சப்படும். அதனால்தான் சிலருக்கு முடித்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சோடியம் இன்னும் இறங்குகிறது. முதலில் ஒரு கோப்பை வடிகஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடியுங்கள், மாச்சத்தும் சோடியமும் சேர்ந்து வரும். பிறகு சோறும் மீன் குழம்பும், தாகத்துக்கு மட்டும் தண்ணீர். குறைந்த எடையை ஒரு நாளுக்குள் சாப்பாட்டோடு மீட்டால் போதும்.

சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறமாகப் போனால் எல்லாம் சரி. இந்த ஆபத்து 24 மணித்தியாலம் வரை தொடரும் என்பதால் முதல் இரவு தனியாகப் படுக்க வேண்டாம். நிறையக் குடித்தும் சிறுநீர் போகாமல், தலையிடி கூடி, பிரட்டலும் இருந்தால், பனடோல் போட்டுப் படுக்காமல் அந்த இரவே வைத்தியசாலைக்குப் போய், மேலே சொன்ன அந்த வசனத்தை வாசலிலேயே சொல்லுங்கள்.